“உட்பட்டு” என்னும் ஒரு சொல்

வீடு வாங்க விரும்புகிறவர் பத்திரக் கட்டை வக்கீலிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்கிறார். நாலைந்து பக்கங்களில் அறிக்கை வருகிறது. “விற்பவருக்கு உரிமை உண்டு” என்ற கடைசி வரியைப் படித்ததும் மனம் குளிர்ந்து, முன்பணத்துக்கு ஏற்பாடு செய்யக் கிளம்பிவிடுகிறார். அந்த வரியின் தலையிலேயே “கீழ்க்கண்டவற்றுக்கு உட்பட்டு” என்றிருப்பது அவர் கண்ணில் படுவதில்லை.

நல்ல அறிக்கை, முதலில் வக்கீல் பார்த்த தஸ்தாவேஜுகளை வரிசையாகச் சொல்லும். அவற்றில் எது அசல், எது நகல் என்றும் சொல்லும். பிறகு ஸொத்து யாரிடமிருந்து யாருக்கு, எப்படி வந்தது என்று மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை கண்ணி கண்ணியாகக் காட்டும். வில்லங்க சர்டிபிகேட் எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை பார்க்கப்பட்டது, பட்டாவும் வரி ரசீதும் யார் பெயரில் இருக்கின்றன என்பவையும் அதில் இருக்கவேண்டும். அபிப்பிராயம் இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஹிந்துவான ஒருவர் 1994-இல் தம் சொந்தப் பணத்தில் வீடு வாங்கினார். 2010-இல் உயில் எழுதாமல் காலமானார். தாயார் முன்பே இறந்துவிட்டார். ஆகவே மனைவி, வயது வந்த மகன், நாலு வயதுப் பெண் ஆகிய மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம் சேர்ந்தது. 2012-இல் வீட்டை விற்றபோது, பெண்ணுக்காகத் தாயாரே கார்டியனாகக் கையெழுத்திட்டார். கோர்ட்டு அனுமதி பெறவில்லை. அன்று வாங்கியவர் 2025-இல் விற்க வருகிறார்.

வில்லங்க சர்டிபிகேட்டில் ஒரு குற்றமும் தெரியாது. அது பதிவான தஸ்தாவேஜுகளைக் காட்டுமேயன்றி, அவற்றின் குறையைக் காட்டாது. வக்கீலோ, “மைனரின் பங்கு குறித்த கோர்ட்டு உத்தரவு காட்டப்படவேண்டும் என்பதற்கு உட்பட்டு” என்று எழுதுகிறார். இதன் பொருள் என்ன? 1956-ஆம் வருஷத்து மைனர் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றி விற்ற அந்தப் பங்கின் விற்பனையை அப்பெண் ரத்து செய்யக் கோரலாம். அவளுக்கு 2024-இல் பதினெட்டு வயது நிரம்பியது. அதிலிருந்து மூன்று வருஷம், அதாவது 2027 வரை, அவளுக்கு அவகாசம் உண்டு. ஆகவே இன்று வாங்குபவர் முழு விலை கொடுத்து, மூன்றில் ஒரு பங்குக்கு வழக்கையும் சேர்த்து வாங்குகிறார்.

இதற்குப் பரிகாரம் இருக்கிறது. 2012 விற்பனையை ஒப்புக்கொண்டு அப்பெண்ணே ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்து தரலாம். அதை வாங்கித் தருவது விற்பவரின் பொறுப்பு என்று கிரய ஒப்பந்தத்தில் எழுதி, கைக்கு வந்த பிறகே பணம் கொடுக்கவேண்டும்.

எல்லா நிபந்தனையும் இப்படித் தீர்வதில்லை. “நகல்களை மட்டுமே பார்த்தேன்” என்று வக்கீல் எழுதியிருந்தால், அசல் எங்கே என்று கேளுங்கள். பத்திரத்தை ஈடாக ஒப்படைத்து வாங்கிய கடன் வில்லங்க சர்டிபிகேட்டில் வராமலும் இருக்கலாம். அசலைக் காட்டாமல் சாக்குச் சொல்பவரிடம் வாங்காதிருப்பதே மேல்.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே, “இதை யார், எந்தக் காகிதத்தால், எப்போது தீர்ப்பது?” என்று எழுதிக்கொண்டு வக்கீலிடம் மறுபடி செல்லுங்கள். அவர் நிபந்தனையை நீக்கி மறு அறிக்கை கொடுத்த பிறகு முன்பணத்தைப் பற்றி யோசிக்கலாம்.