தண்ணீர் எதுவரை நிற்கிறது?

சென்னையில் அடைமழை பிடித்துவிட்டால் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வியைத்தான்: “அந்தப் பக்கம் போக முடியுமா?” பெரும்பாலும் வரும் பதில், “இப்பதான் வந்தேன், ரோடு கிளியர், தாராளமா வாங்க.” அதை நம்பி ஸ்கூட்டரில் கிளம்பிய பெண், கைவேலி தாண்டியதும் வண்டி நின்றுபோய், முழங்கால் தண்ணீரில் அதைத் தள்ளிக்கொண்டு போகிறார். பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் மாலை நாலு மணிக்கு வந்தார். இந்தப் பெண் கிளம்பியது ஏழு மணிக்கு. அவர் வந்தது காரில், அதுவும் சாலையின் எதிர்ப்பக்கத்தில். இந்த மூன்றையும் அவர் சொல்லியிருந்தால் அந்தப் பெண் வீட்டிலேயே இருந்திருப்பார்.

நேரத்தை முதலில் சொல்ல வேண்டும் என்பதற்குக் காரணம் அந்தப் பகுதியின் நில அமைப்பிலேயே இருக்கிறது. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் போன்ற ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். வேளச்சேரி–தாம்பரம் சாலை இந்த நீரோட்டத்துக்குக் குறுக்கே கிடக்கிறது. மேலே உள்ள ஏரி நிரம்பி வழியச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால், மழை விட்ட பிறகும் சாலையில் தண்ணீர் ஏறலாம். கடலில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் கால்வாய் நீர் வடியாமல் தேங்கும். ஓதம் ஒரு நாளில் ஏறத்தாழ இரண்டு முறை ஏறி இறங்குகிறது. ஆகவே காலையில் வடிந்த இடம் மாலையில் மறுபடி நிறைவதில் வியப்பில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நின்ற பின்னும் பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதை அங்கிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே “இப்போது” என்ற சொல் போதாது. அந்தத் தகவல் கைமாறிக் கைமாறி மூன்று மணி நேரம் கழித்து இன்னொருவரிடம் போய்ச் சேரும்போதும் அதில் “இப்போது” என்றுதான் இருக்கும். “மாலை 6.40க்குக் கடந்தேன்” என்றால் படிப்பவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். கூடவே தண்ணீர் ஏறுகிறதா, வடிகிறதா என்றும் சொல்ல வேண்டும். இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கடைப் படியிலோ சுவரிலோ தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஈரக்கறையும் குப்பை ஒட்டிய கோடும் தெரிந்தால் வடிகிறது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் ஒரு படியை அடையாளம் வைத்து, கால் மணி நேரம் கழித்து அதையே பாருங்கள்.

அடுத்தது ஆழம். இங்கேதான் தகவல் மிகவும் தடம் புரள்கிறது. “பாதி சக்கரம் தண்ணீர்” என்று சொல்வது வழக்கம். எந்த வண்டியின் சக்கரம்? ஆட்டோ, ஸ்கூட்டர் சக்கரத்தின் நடு அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சிறிய காருக்கு அது 30 சென்டிமீட்டர் அளவில். மாநகரப் பேருந்துக்கோ அரை மீட்டர். பேருந்து பாதி சக்கரம் மூழ்கப் போகிற தண்ணீரில் ஸ்கூட்டரின் சக்கரம் கண்ணுக்கே தெரியாது. “பஸ் போகுது, அப்புறம் என்ன?” என்ற சான்றை நான் அறவே ஏற்பதில்லை. பேருந்து போகும்போது எழும் அலை பக்கத்தில் வரும் சிறிய வண்டியின் மேல் வந்து மோதும். ஸ்கூட்டரின் காற்று வடிகட்டி வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போக அந்த ஓர் அலை போதும். அப்படி நின்றுபோன வண்டியை அங்கேயே மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. உள்ளே அது இருக்கும்போது பிஸ்டன் மேலெழுந்தால் எஞ்சினின் உள் உறுப்பு வளைந்துவிடும்.

அதனால் உடம்பை வைத்து அளவு சொல்வதே எல்லோருக்கும் புரியும். கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால். கணுக்கால் அளவென்றால் ஸ்கூட்டர் மெதுவாகப் போகலாம். கெண்டைக்காலைத் தொட்டுவிட்டால் இரு சக்கர வண்டிக்கும் சிறிய காருக்கும் அந்தச் சாலை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இது நிற்கிற தண்ணீருக்கான கணக்கு. தண்ணீர் ஓடுகிறது என்றால் ஓடுகிறது என்று தனியாகச் சொல்லுங்கள். 30 சென்டிமீட்டர் ஓட்டம் சிறிய காரை மிதக்கவிட்டு நகர்த்தக்கூடியது.

நடந்து போகிறவருக்கு ஆழத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு. தண்ணீர் வடியட்டும் என்று யாராவது திறந்துவைத்த பாதாளச் சாக்கடை மூடி, சாலையோர மழைநீர் வடிகால் பள்ளம், அடிப்பகுதி மூழ்கிய ஈ.பி. பெட்டி. இவற்றில் எதைக் கண்டாலும் அந்த இடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். மின்வாரியத்துக்கும் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கும் அப்போதே தெரிவித்துவிடுங்கள்.

அடையாளம் சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. “வேளச்சேரி மெயின் ரோட்டில் தண்ணீர்” என்றால் அது கிலோமீட்டர் கணக்கில் நீளும் சாலை. எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு இரண்டு புள்ளிகள் வேண்டும். இருட்டிலும், மின்சாரம் போன பிறகும் கண்ணில் படுகிற அடையாளமாக இருந்தால் நல்லது: பாலம், சிக்னல், கல்லூரி வாசல். தள்ளுவண்டியும் விளம்பரப் பலகையும் மழையில் காணாமல் போய்விடும். நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையில் ஒரு பக்கம் காய்ந்தும் மறுபக்கம் மூழ்கியும் கிடப்பது சகஜம். இடது, வலது என்று சொல்லாமல் “தாம்பரம் போகும் பக்கம்” என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது.

இதையெல்லாம் சேர்த்து, யாராவது கேட்டால் சொல்லக்கூடிய பதிலின் மாதிரி ஒன்றை எழுதிப் பார்க்கிறேன். “அக்கா, 6.40க்குப் பைக்கில் வந்தேன். விஜயநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கைவேலி வரை ரெண்டு பக்கமும் கணுக்கால்தான். கைவேலியிலிருந்து ஜெருசலேம் காலேஜ் வரை தாம்பரம் போற பக்கம் கெண்டைக்கால், ஏறிக்கிட்டே இருக்கு. ஸ்கூட்டர் வேண்டாம். காலேஜுக்கு அந்தப் பக்கம் நான் போகல, தெரியாது. பள்ளிக்கரணைக்கு அவசரம்னா தரமணி லிங்க் ரோடு, எஸ்.ஆர்.பி. டூல்ஸ், துரைப்பாக்கம் வழியா ரேடியல் ரோட்டைப் பிடிக்கணும். அந்த வழியை யாராவது பார்த்தவங்க சொன்னாத்தான் கிளம்புங்க.”

இதில் எனக்கு மிகவும் பிடித்தது “தெரியாது” என்ற சொல். பார்த்த இடத்தோடு நிறுத்திக்கொள்வதால்தான் முன்னால் சொன்னது நம்பத்தக்கதாகிறது. மாற்று வழியையும் அவர் ஊகமாகத்தான் சொன்னார், உறுதி சொல்லவில்லை. சுரங்கப்பாதை என்றால் இன்னும் கவனம் வேண்டும். தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை போன்றவற்றில் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் பள்ளத்துக்கு இறங்கும். மோட்டார் நின்றால் சிறிது நேரத்தில் நிறைந்துவிடும். அவற்றுக்குப் போக்குவரத்துக் காவல்துறையின் அறிவிப்பை மட்டும் பாருங்கள்.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. நிலைமை மாறியது தெரிந்தால், சொன்னவரே முந்தைய தகவலைத் திரும்பப் பெற வேண்டும்: “6.40க்கு நான் சொன்னது இனி செல்லாது; 8.10க்குக் கைவேலியில் போலீஸ் தடுப்பு போட்டாச்சு.” நேரம் போடாத படமோ, எந்த ஆண்டு மழை என்றே தெரியாத வீடியோவோ வந்தால், “எங்கே, எப்போ எடுத்தீங்க?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.