காப்புப்பிரதி மென்பொருளைத் தெரிவுசெய்தல்

மடிக்கணினியின் கோப்புகளைப் புற வன்தட்டில் காப்பெடுக்கும் மென்பொருள்களுள் சில இறுதிப் பிரதியை மட்டுமே வைத்திருக்கும். வேறு சில முந்தைய பதிப்புகளையும் பேணும்.

உதாரணமாக, மாணவன் ஒருவனின் செயற்றிட்ட அறிக்கையில் பாதி திங்களன்று தவறுதலாக அழிந்தது. வியாழனன்றே அதை அவன் கவனித்தான். தினமும் காப்பெடுத்திருந்தாலும், முதல் வகையில் குறைபட்ட அறிக்கையே நல்ல பிரதியின் இடத்தைப் பிடித்திருக்கும். இரண்டாம் வகையில் ஞாயிறன்று சேமித்த பதிப்பை மீட்டெடுக்கலாம்.

விண்டோசிலுள்ள File History இரண்டாம் வகையைச் சார்ந்தது. இயல்பமைப்பில், வன்தட்டு இணைந்திருக்கையில் மாறிய கோப்புகளை மணிக்கொருமுறை சேமிக்கும். பதிப்புகள் திகதியிட்ட சாதாரண கோப்புகளாக இருப்பதால் வேறு கணினியிலும் திறக்கலாம். ஆயினும் இது பணிசெயல் முறைமையை மீட்காது.

குறிப்பு: தெரிவுசெய்யுமுன் பழைய பதிப்பொன்றை வேறு கோப்புறையில் மீட்டுத் திறந்து பார்க்க.