பால் என்றால் பாலா, பந்தா?

இரண்டு வயதும் இரண்டு மாதமும் ஆன ஒரு பையனை அவனுடைய அம்மா போன ஆடி மாதம் என்னிடம் அழைத்து வந்தார். கூடவே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பேரனைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் ஆச்சி. குழந்தை சென்னையில் ஒரு ப்ளே ஸ்கூலில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. "வகுப்பில் வாயே திறப்பதில்லை. வீட்டில் தமிழ் பேசுவதால் குழம்புகிறான். இனிமேல் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் அன்றே மாறிவிட்டார்கள். ஆங்கிலம் தெரியாத ஆச்சியிடம் என்ன சொல்வது? முடிந்தவரை பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"எம் பேரப்பிள்ளகிட்ட நான் பேசாம எப்படிம்மா இருக்க? சோறு ஊட்டும்போதுகூட வாயப் பொத்திக்கிட்டு இருக்கேன்" என்றார் ஆச்சி. பதினேழு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துவரும் எனக்கு இந்தக் கதை புதிதல்ல. மாதத்துக்கு இரண்டு மூன்று குடும்பங்களாவது இதே அறிவுரையைச் சுமந்துகொண்டு வருகின்றன. அந்த அறிவுரை தவறு. ஏன் தவறு என்பதை இந்தப் பையனை வைத்தே சொல்கிறேன்.

இரண்டு பட்டியல், ஒரு கணக்கு

முதல் நாள் நான் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. இரண்டு வெள்ளைத் தாள்களைக் கொடுத்தேன். ஒன்று ஆச்சிக்கு, இன்னொன்று அம்மாவுக்கும் பள்ளி மிஸ்ஸுக்கும். ஒரு வாரம் அவன் சொல்லும் சொற்களை அப்படியே எழுதி வர வேண்டும். ஆச்சி சொல்லச் சொல்ல, அவன் அப்பா எழுதித் தருவதாக ஏற்பாடு.

எதைச் சொல்லாக எண்ணுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். குழந்தை தானாகச் சொல்ல வேண்டும். நாம் சொல்லி அதைத் திருப்பிச் சொல்வது கணக்கில் வராது. ஒரே ஒலியை ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. மழையை 'மயை' என்றாலும் அது சொல்தான். 'மம்மம்', 'ஜோ ஜோ', 'உவ்வா', நாயைப் பார்த்து 'பௌ பௌ', இவையும் சொற்கள்தாம். ஆச்சி முதலில் இவற்றையெல்லாம் விட்டுவிட்டார். "அதெல்லாம் பிள்ளப் பேச்சுல்லா?" என்றார். அதைத்தான் எழுதச் சொல்கிறேன் என்றேன்.

ஒரு வாரம் கழித்து வந்த தாள்களில் தமிழில் 34 சொற்கள், ஆங்கிலத்தில் 23. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. ஆச்சியின் தாளிலும் 'பால்', மிஸ்ஸின் தாளிலும் 'பால்'. ஆச்சி டம்ளரில் இருப்பதை எழுதியிருந்தார், மிஸ் உருண்டு ஓடுவதை எழுதியிருந்தார். அவன் வாயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஒலியாகத்தான் வந்தன. பந்துக்கு அழுதவனுக்கு வீட்டில் இரண்டு முறை பால் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார்கள்! ஒலி ஒன்றானாலும் அவன் மனதில் அவை வேறு வேறு பொருள்கள், எனவே இரண்டு சொற்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இரண்டு வயது நிறையும்போது ஒரு குழந்தையிடம் சுமார் 50 சொற்களாவது இருக்க வேண்டும், இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது நாங்கள் பார்க்கும் அளவுகோல். பள்ளியின் தாளை மட்டும் பார்த்தால் 23, பெரிய தாமதம் போலத் தெரியும். ஆச்சியின் தாளை மட்டும் பார்த்தால் 34, அதுவும் குறைவுதான். இரண்டையும் கூட்டினால் 57. 'தண்ணி' என்றும் 'வாட்டர்' என்றும் ஒரே பொருளுக்கு இரு மொழியிலும் சொல்வது எட்டு இருந்தன. அவற்றை ஒருமுறை மட்டும் எண்ணினாலும் 49 பொருள்களுக்கு அவனிடம் பெயர் இருக்கிறது. 'ஆச்சி வா', 'கார் போச்சு', 'மோர் மம்மம்' என்று சேர்த்தும் பேசுகிறான். அளவுகோலின் விளிம்பில் நிற்கிறான் என்பது உண்மை. ஆனாலும் தாமதம் என்று முத்திரை குத்தும் நிலை இல்லை.

அமெரிக்காவின் மயாமி நகரத்தில் ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த சிறு குழந்தைகளை ஆராய்ந்து பார்பரா பியர்சன் குழுவினர் 1993-இல் இதைத்தான் காட்டினார்கள். ஒரு மொழியை மட்டும் எடுத்தால் சொற்கள் குறைவாகத் தெரியலாம். இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒரு மொழிக் குழந்தைகளைவிட அவர்கள் பின்தங்கவில்லை.

இன்னொன்றையும் அந்தப் பெற்றோரிடம் சொன்னேன். அவன் வாரத்துக்கு ஏறத்தாழ 80 மணி நேரம் விழித்திருக்கிறான். பள்ளியில் இருப்பது நாளுக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு 15. அதுவும் இரண்டே மாதம். அதற்குள் 23 ஆங்கிலச் சொற்கள் வந்தது நல்ல வேகம்தான்.

"மோர் மம்மம்" என்றால் குழப்பமா?

பள்ளி குறையாகச் சொன்ன இன்னொரு விஷயம், அவன் கலந்து பேசுகிறான் என்பது. நாம் எப்படிப் பேசுகிறோம்? 'பஸ் லேட்டாயிடுச்சு', 'போன் பண்றேன்.' சென்னையில் கலக்காமல் பேசும் வீட்டை நான் பார்த்ததில்லை. குழந்தை கேட்பதைத்தானே பேசும்.

அந்தக் கலப்பிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சற்றுப் பெரிய குழந்தைகள் 'ஜம்ப் பண்றேன்' என்பார்கள், 'பண்றேன் ஜம்ப்' என்று சொல்ல மாட்டார்கள். ஆங்கிலச் சொல்லை எடுத்துத் தமிழ் இலக்கணத்துக்குள் சரியான இடத்தில் பொருத்துகிறார்கள். ஒரு மொழியில் கைக்கு எட்டாத சொல்லை இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆச்சியிடம் அதிகம் தமிழும் மிஸ்ஸிடம் அதிகம் ஆங்கிலமும் பேச வேண்டும் என்பது இரண்டு வயதிலேயே அவர்களுக்குப் புரியத் தொடங்கிவிடுகிறது. இந்தப் பையனின் தாள்களே அதற்குச் சாட்சி.

வகுப்பில் வாய் திறக்காததற்கும் காரணம் உண்டு. புது மொழி பேசும் இடத்துக்குள் நுழையும் குழந்தைகள் சில வாரங்கள், சிலர் சில மாதங்கள்கூட, பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேட்டதைப் புரிந்து நடக்கிறானா, கை காட்டிக் கேட்கிறானா, மற்ற குழந்தைகளோடு விளையாடுகிறானா என்று மிஸ்ஸிடம் விசாரியுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் பொறுத்திருக்கலாம். வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை, மாதங்கள் கடந்தும் பள்ளியில் எந்த மொழியிலும் வாய் திறக்காமல் உறைந்து நின்றால் மட்டும் எங்களிடம் அழைத்து வாருங்கள்.

ஆச்சி வாயை மூடியபோது நடந்தது

அந்த வீட்டில் ஆச்சி பேச்சை நிறுத்திய மூன்று வாரத்தில் என்ன ஆனது தெரியுமா? காலை எட்டு மணி முதல் மாலை ஆறு வரை, பள்ளி நேரம் போக, அவனோடு இருப்பவர் ஆச்சி மட்டும்தான். அவர் மௌனமானதும் அந்த இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. ஆங்கிலப் பாட்டு ஓடினால் ஆங்கிலம் வந்துவிடும் என்று நம்பினார்கள்.

வராது. 2003-இல் பாட்ரிசியா குல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, பன்னிரண்டு முறை விளையாடிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் கற்றுக்கொள்ளவில்லை. உலக சுகாதார அமைப்பும் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது.

ஆச்சி சோறு ஊட்டும்போது, "காக்கா வந்துருக்கு பாரு, ஒரு வாய் அதுக்கு, ஒரு வாய் ஒனக்கு" என்கிறார். பேரன் ஜன்னலைப் பார்க்கிறான், கை நீட்டுகிறான், 'காக்கா' என்கிறான். "ஆமா ராசா, கறுப்புக் காக்கா. பறந்து போயிருச்சே!" என்று ஆச்சி அதையே வளர்த்துத் திருப்பித் தருகிறார். குழந்தை பார்க்கும் பொருளைப் பற்றி, குழந்தை சொன்ன உடனேயே, ஒரு படி கூட்டிச் சொல்வது. நான் பயிற்சி அறையில் காசு வாங்கிக்கொண்டு செய்வதும் இதைத்தான். ஆச்சியை மறுபடி பேசச் சொன்னேன். கைபேசியை எடுத்து வைக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த அம்மாவிடமும், எந்த மொழியில் கொஞ்சவும் கோபிக்கவும் வருமோ அதிலேயே பேசுங்கள் என்றேன்.

எது நிஜமான தாமதம்?

இரண்டு மொழி பேசுவதால் தாமதம் வராது. ஆனால் இரண்டு மொழிக் குழந்தைக்கும் மற்ற குழந்தைகளைப் போலவே தாமதம் வரலாம். அப்படி வந்தால் இரு மொழியிலும் தெரியும். ஆகவே "ரெண்டு பாஷை, அதான்" என்று தள்ளிப்போடுவதும் பிசகுதான்.

பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலியோ, விரல் நீட்டிக் காட்டுவதோ, டாட்டா காட்டுவதோ இல்லை. பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு வயதில் இரு சொல் சேர்க்கை எந்த மொழியிலும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோனால், எந்த வயதானாலும் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது காது கேட்கும் பரிசோதனை. பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் மறுபடி செய்ய வேண்டும். ப்ளே ஸ்கூல் வயதில் சளி அடிக்கடி பிடிக்கும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, சீழ் வடியாது. தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல் பேச்சு மங்கலாகக் கேட்கும். எதிரே நின்றால் பதில் சொல்பவன் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான், டிவி சத்தத்தைக் கூட்டுவான், வாயால் மூச்சு விடுவான். காதில் மெல்லிய அடைப்பான் வைத்துச் செய்யும் டிம்பனோமெட்ரி சோதனை சில நிமிடங்களில் இதைக் காட்டிவிடும். செலவுக்குத் தயங்குபவர்களுக்கு, 2013 முதல் நடக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவே பார்த்து, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு இலவசமாக அனுப்பிவைக்கும்.

நம் பையனுக்கு இரு காதுகளும் நன்றாக இருந்தன. "மேஜைக்கு அடியில இருக்கற பந்த எடுத்து ஆச்சிகிட்ட குடு" என்றதும் ஓடிப்போய்க் கொடுத்தான்.

கவலைப்பட வேண்டியது தமிழைப் பற்றித்தான்

ஆங்கிலம் எப்படியும் வந்துவிடும். பள்ளியும் தெருவும் அதைக் கொண்டுவரும். பெல்ஜியத்தில் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் பள்ளிமொழியான டச்சோடு வேறொரு மொழியும் பேசும் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை ஆனிக் டி ஹவுவர் ஆராய்ந்தார். நான்கில் ஒரு குடும்பத்தில் குழந்தைகள் வீட்டுமொழியைப் பேசவே இல்லை. ஆச்சி தமிழில் கேட்க, பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் காட்சியை இன்று நம் ஊரிலேயே பார்க்கிறோம்.

அதற்கு ஆச்சிகள் கையில்தான் மருந்து இருக்கிறது. பேரன் 'வாட்டர்' என்று கேட்டால் உடனே எழுந்து போய்விடாமல், "தண்ணியா கேக்க? இந்தா தண்ணி" என்று தமிழில் திருப்பித் தரட்டும். திருத்த வேண்டாம், 'தமிழ்ல சொல்லு' என்று மிரட்ட வேண்டாம். அவன் சொன்னது புரிந்ததுபோலவும், தனக்கு வரும் பேச்சு தமிழ்தான் என்பதுபோலவும் இருந்தால் போதும்.

ஐப்பசியில் அவர்கள் மறுபடி வந்தபோது தாளில் எழுதி மாளவில்லை, எண்ணுவதை விட்டுவிட்டோம் என்றார் அம்மா. வகுப்பிலும் பேசத் தொடங்கியிருக்கிறான். உங்கள் பிள்ளையின் பள்ளியோ, மருத்துவரோ வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். ஒரு வாரம் இரண்டு தாள்களில் எழுதுங்கள், காதைப் பரிசோதியுங்கள், அந்தத் தாள்களோடு பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். அதுவரை ஆச்சி பேசிக்கொண்டே இருக்கட்டும்.