வாக்கியம் உடையாமல் ஒரு இழை

எக்ஸ் தளத்தில் சாதாரணக் கணக்குக்கு ஒரு பதிவின் எல்லை 280 எழுத்து. நீண்ட கட்டுரையை எண்ணிட்ட இழையாகப் பிரிக்கும் நிரல், 280 வந்ததும் கத்தரித்தால் சொல்லும் சுட்டியும் பாதியில் அறுந்துவிடும்.

நல்ல நிரல் முதலில் சுட்டிகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் பிரிக்கக்கூடாத ஒரே துண்டாக வைத்துக்கொள்ளும். முகவரி எவ்வளவு நீளமானாலும் எக்ஸ் அதை 23 எழுத்தாகவே கணக்கிடும்.

அடுத்து " 10/12" போன்ற எண்ணுக்கு 6 இடம் ஒதுக்கினால் மிஞ்சுவது 274. 150, 100, 90 எழுத்துள்ள மூன்று வாக்கியங்கள் வந்தால், முதல் இரண்டும் இடைவெளியோடு 251 ஆகி ஒரே பதிவில் அடங்கும்; மூன்றாவது அடுத்த பதிவுக்குப் போகும். ஒரே வாக்கியம் 274-ஐத் தாண்டினால் மட்டும் காற்புள்ளியில், அதுவும் இல்லையேல் சொல் இடைவெளியில் வெட்டலாம். மொத்த எண்ணிக்கை கடைசியில்தான் தெரியும் என்பதால் எண்களை இறுதியில் ஒட்ட வேண்டும்.

புள்ளி எல்லாமே முற்றுப்புள்ளி அல்ல. ‘ரூ. 500’ என்பதை நிரல் இரண்டாகப் பிளந்தால், ஒரு பதிவு ‘ரூ.’ என்று முடிந்து நிற்கும். இத்தகைய சுருக்கங்களுக்குத் தனிப் பட்டியல் தேவை.

தமிழில் இன்னொரு சிக்கல்: ‘நன்றி’ நம் கணக்கில் 3 எழுத்து, புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியே எண்ணும் எக்ஸ் கணக்கில் 5. எனவே கண்ணால் எண்ணாமல், தளம் எண்ணும் முறையிலேயே நிரலையும் எண்ண வையுங்கள்.