அனிமே படத்தில் நம்ம முகம் எங்கே போச்சு?



போனில் எடுத்த செல்ஃபியை ஒரு ஆப்பில் போட்டால் பத்தே நொடியில் அனிமே படமாகத் தருகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனா எங்க கிளாஸில் ஆறு பேர் படத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஆறு பேரும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தோம்! என் பக்கத்து பெஞ்ச் தோழி தன் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது யாருடி? என் மச்சம் எங்க போச்சு? அது எங்க அம்மாச்சி முகத்துல இருக்கிற அதே மச்சம்." நியாயமான கேள்விதானே? அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை. அவள் அனுமதியோடு அவள் முகத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாரும் ஒரே மாதிரி ஆவது ஏன்?

மங்கா என்பது ஜப்பானியச் சித்திரக்கதை. பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். அனிமே என்பது அசையும் படம். இரண்டிலும் ஒரே கதாபாத்திரத்தை ஆயிரக்கணக்கான முறை வரைய வேண்டும். அதனால் முகத்தில் கோடுகள் குறைவு. மூக்கு ஒரு புள்ளி, வாய் ஒரு கோடு, கண் மட்டும் பெரிசு. கதாபாத்திரங்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் தலைமுடியும் உடையும்தான். முடியையும் உடையையும் மறைத்துவிட்டால் பல முகங்கள் ஒன்று போலவே இருக்கும்.

கணினி இதைக் கற்ற விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2019-இல் கொரியாவில் இருந்து ஒரு ஆராய்ச்சி வந்தது. செல்ஃபி 3400, அனிமே முகம் 3400 என்று கணினிக்குக் காட்டிப் பழக்கினார்கள். இரண்டிலும் பெண்கள் முகம் மட்டுமே. அதைவிட முக்கியம், ஒரே ஆளின் போட்டோவையும் ஓவியத்தையும் ஜோடியாகக் காட்டவில்லை. "இந்த முகத்தை வரைந்தால் இப்படித்தான் வரும்" என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. பொதுவான அனிமே முகம் எப்படி இருக்கும் என்பதுதான் அதற்கு நன்றாகத் தெரியும். அந்தப் பொதுவான முகத்தை நோக்கித்தான் நம்மை இழுக்கும். அப்புறம் மீசை வைத்த மாமா படத்தைக் கொடுத்தால் குழம்பாமல் என்ன செய்யும்?

அடையாளம் எங்கே இருக்கிறது?

1985-இல் சூசன் பிரென்னன் என்பவர் கேலிச்சித்திரம் வரையும் கணினி நிரல் ஒன்றைப் பற்றி எழுதினார். அதன் வழி ரொம்ப எளிது. ஒருவர் முகத்தைச் சராசரி முகத்தோடு ஒப்பிட வேண்டும். எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அதை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். பார்க்கிறவர் சட்டென்று "அட, அவரா!" என்பார்.

நமக்கு வேண்டிய சூத்திரம் இதுதான். முகம் முழுவதையும் காப்பாற்ற முடியாது, அனிமே பாணி பாதியை எடுத்துவிடும். அதனால் சராசரியிலிருந்து விலகி நிற்கும் ஐந்து விஷயங்களை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த ஐந்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

என் தோழிக்கு நான் எழுதிய பட்டியல்: நெற்றி சின்னது. புருவம் அடர்த்தி, கண்ணுக்கு ரொம்பப் பக்கம். தாடை நீளம், சதுரம். கண்ணுக்குக் கீழே மச்சம். நல்ல கறுப்பு நிறம். ஆப் போட்ட படத்தில் இந்த ஐந்துமே போய்விட்டன! நெற்றி பெரிசு, புருவம் மெலிசு, தாடை கூர்மை, மச்சம் இல்லை, நிறம் ரோஸ்.

போட்டோவே பொய் சொல்லும்!

வரையும் முன் இரண்டு எச்சரிக்கை. கையை நீட்டி ஒரு அடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் பெரிதாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க டாக்டர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மூக்கு கேமராவுக்குப் பக்கம், காது தூரம், அதுதான் காரணம். அதை அப்படியே வரைந்தால் இல்லாத மூக்கை வரைந்த மாதிரி. போனை ஐந்து அடி தள்ளி வைத்து, டைமர் போட்டு எடுத்து, அப்புறம் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, முன்பக்கக் கேமரா சில போன்களில் படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிச் சேமிக்கும். இடது மச்சம் வலது பக்கம் போய்விடும். சட்டை பேட்ஜில் உள்ள எழுத்தைப் பாருங்கள். எழுத்து வலமிருந்து இடமாகத் தெரிந்தால் படமும் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போ வரையலாம்

முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை வரை 12 செ.மீ. வருகிற மாதிரி போட்டோவைப் பிரிண்ட் எடுத்தேன். சராசரி முகத்தை மூன்று சம பங்காகப் பிரிக்கலாம் என்பது ஓவியர்களின் பழைய கணக்கு. முடியிலிருந்து புருவம் 4, புருவத்திலிருந்து மூக்கடி 4, மூக்கடியிலிருந்து தாடை 4. தோழிக்கு ஸ்கேல் வைத்து அளந்தால் 3.2, 4.3, 4.5 வந்தது. கண்ணுக்குத் தெரிந்த சின்ன நெற்றியும் நீளத் தாடையும் எண்ணாகவே வந்துவிட்டன! படத்தில் அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் கூட்டி 3.0, 4.3, 4.7 என்று வைத்தேன். இதற்கு மேல் கூட்டினால் கேலிச்சித்திரம் ஆகிவிடும். தோழி அடிப்பாள்!

அடுத்து கண். இங்கேதான் பெரும்பாலான படம் கெட்டுப் போகிறது. அனிமே கண் உயரமாக இருக்க வேண்டும். போட்டோவில் 0.7 செ.மீ. உயரமுள்ள கண்ணை 1.5 ஆக்கினேன். எந்தப் பக்கம் வளர்ப்பது? மேல் பக்கம் வளர்த்தால் புருவத்தைத் தூக்க வேண்டி வரும். புருவம் தூக்கினால் ஆச்சரியப்பட்ட முகம் ஆகிவிடும், நெற்றிக் கணக்கும் போச்சு. அதனால் மேல் இமையை அசைக்காமல் கீழ் இமையை மட்டும் 0.8 செ.மீ. இறக்கினேன். இரண்டு கண்ணுக்கு நடுவில் உள்ள இடைவெளியையும் தொடவில்லை. அகலம் கூட்டியதெல்லாம் காதுப் பக்கம்தான்.

புருவத்தை ஏன் இவ்வளவு காப்பாற்ற வேண்டும் என்கிறீர்களா? 2003-இல் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் பிரபலங்களின் போட்டோவில் சிலவற்றில் கண்ணையும் சிலவற்றில் புருவத்தையும் அழித்துக் காட்டினார்கள். புருவம் இல்லாத படங்களைத்தான் ஜனங்களால் அதிகம் கண்டுபிடிக்க முடியவில்லை. டி.வி.யில் ஷின்-சான் பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அந்தப் புருவத்தை எடுத்துவிட்டால் அவன் யாரோ ஒரு பையன்!

மச்சத்துக்கு வருவோம். போட்டோவில் அது கீழ் இமைக்கு அரை செ.மீ. கீழே இருக்கிறது. நான்தான் கண்ணை 0.8 இறக்கிவிட்டேனே. அதே இடத்தில் வைத்தால் மச்சம் கண்ணுக்குள்ளே போய்விடும். ஆகவே புது இமைக்கு அரை செ.மீ. கீழே வைத்தேன். மச்சம், தழும்பு, கன்னக்குழி எதுவானாலும் பக்கத்தில் உள்ள உறுப்போடு அதற்கு இருக்கும் தூரத்தைக் காப்பாற்றினால் போதும். தாடையிலிருந்து அளக்கக் கூடாது.

நிறத்தை மாற்றாதீங்க

கறுப்பு வெள்ளை மங்காவில் பேப்பரின் வெள்ளையே தோல் நிறம் என்று விட்டுவிடுவது வழக்கம். அதைக் காப்பியடித்தால் நம்மில் பாதிப் பேர் காணாமல் போவோம். கறுத்த தோலைக் காட்ட அங்கேயே ஒரு வழி உண்டு. சின்னச் சின்னப் புள்ளி அச்சிட்ட ஒட்டுத்தாளை வெட்டி முகத்தின் மேல் ஒட்டுவார்கள். இந்தக் காலத்தில் அதைக் கம்ப்யூட்டரிலேயே செய்கிறார்கள். நமக்கு 4பி பென்சில் போதும். முகம், கழுத்து, காது எல்லாவற்றிலும் ஒரே சீராகச் சாய்வுக் கோடு போட்டு, மூக்கு நுனியிலும் கன்ன மேட்டிலும் ரப்பரால் லேசாக எடுத்துவிடுங்கள். முகத்துக்கு மட்டும் போட்டுக் கழுத்தை விட்டால் முகமூடி மாதிரி தெரியும்.

முடியும் கறுப்பு, தோலும் கறுப்பு என்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளுமே? முடியை இங்க்கால் நிரப்பி, நடுவில் வளைவாக ஒரு வெள்ளைப் பளபளப்பு விடுங்கள். முகத்துக்கும் முடிக்கும் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடும் விட்டால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

ஆப்பிலேயே செய்யணுமா?

செய்யலாம். 2022-இல் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாதிரியான நிரல்களில் `Denoising strength` என்று ஒரு அளவு இருக்கும். பூஜ்யம் முதல் ஒன்று வரை. கணினி நம் போட்டோ மேல் மணலைக் கொட்டுகிற மாதிரி புள்ளிகளைக் கொட்டி, பிறகு அதைத் துடைத்துக்கொண்டே புதுப் படம் வரைகிறது. எவ்வளவு மணல் என்பதுதான் இந்த அளவு. 0.3 வைத்தால் போட்டோவே கொஞ்சம் பெயின்ட் அடித்த மாதிரி வரும். 0.7-க்கு மேல் போனால் தலை சாய்ந்த விதம் மட்டும் மிஞ்சும், ஆள் வேறு. 0.4-இல் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அடையாளம் போகிற இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். கூடவே நம் ஐந்து விஷயங்களையும் எழுதிக் கொடுக்க வேண்டும்:

```
anime portrait, low hairline, thick low eyebrows,
long square jaw, dark brown skin, mole under left eye
```

எழுதிக் கொடுத்தாலும் மச்சம் பல நேரம் வராது. இந்த நிரல் படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. இரண்டு மில்லி மீட்டர் மச்சம் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாது. முகம் படத்தை நிரப்புகிற மாதிரி வெட்டிக் கொடுத்தால் வர வாய்ப்பு அதிகம். அதைவிட எளிது, கடைசியில் நாமே ஒரு புள்ளி வைத்துவிடுவது!

சரியா வந்திருக்கா?

நாமே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். முடியையும் யூனிஃபார்மையும் ஒரு பேப்பரால் மறைத்து, பேர் சொல்லாமல் ஐந்து பேரிடம் காட்டுங்கள். மூன்று பேராவது சொல்லிவிட்டால் முகம் இருக்கிறது. "அழகா இருக்கு, யாரு?" என்று கேட்டால் ஐந்தில் ஏதோ ஒன்று விட்டுப் போயிருக்கிறது. பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எங்கள் தோழியின் படத்தை அவள் அம்மாச்சியிடம் காட்டினோம். கண்ணாடி போடாமலேயே சொல்லிவிட்டார்: "இது நம்ம புள்ளதான. மச்சத்தப் பாரு!"

இடது பக்கம் ஒட்டியிருப்பது ஆப் போட்ட படம், வலது பக்கம் நான் வரைந்தது. இரண்டில் எது எங்க கிளாஸ் பெண் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். கீழே ஒட்டியுள்ள மூன்றாவது அனிமே முகம் நம் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த ஒருவர், அவரிடம் கேட்டுத்தான் வரைந்தேன். புருவத்தைப் பாருங்கள், கண்டுபிடித்துவிடலாம். விடை அடுத்த இதழில்!



— ப்ளஸ் ஒன் மாணவி