தலைவரை நீக்கும் அதிகாரம் யார் கையில்?

உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அந்த நாற்காலியில் யாரையும் நிலைக்க விடவில்லை. தலித்துகள் வேட்பு மனு தாக்கல் செய்யக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. மீறித் தேர்தல் நடந்தபோது, ஜெயித்தவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்தார். அதன் பிறகு ஊராட்சியின் கணக்கும் சாவியும் அரசு அதிகாரியிடம் போயின.

2006 அக்டோபரில் நிலை மாறியது. அப்போதைய ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் பேச்சுவார்த்தை நடத்தினார். போலீஸ் பாதுகாப்போடு தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். விருதுநகர் மாவட்டம் கொட்டக்கச்சியேந்தலையும் சேர்த்து நான்கு ஊராட்சித் தலைவர்களுக்கும் சென்னையில் அரசு 'சமத்துவப் பெருவிழா' எடுத்தது. சட்டம் 1996-லும் 2006-லும் ஒன்றுதான். அதே அதிகாரத்தை மாவட்ட நிர்வாகம் பயன்படுத்திய விதம்தான் வேறு.

தலித் தலைவர் பதவியில் அமர்ந்த பிறகு, அதே மேற்பார்வை அதிகாரம் வேறு வடிவில் வருகிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன் 205-வது பிரிவு, ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரத்தை ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியருக்குத் தருகிறது. ஆட்சியர் தாமாகவே நடவடிக்கையைத் தொடங்கலாம். அல்லது மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்ட புகாரின் பேரில் தொடங்கலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு நிலையைப் பார்ப்போம். காலனித் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போட்ட வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒதுக்கீட்டு ஊராட்சிகள் பலவற்றில் உறுப்பினர்களில் பெரும்பான்மையும் துணைத் தலைவரும் ஆதிக்கச் சாதியினராகவே இருப்பார்கள். துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் பில் நிற்கும், வேலை நிற்கும். பிறகு வேலை நடக்கவில்லை என்பதே தலைவர் மீதான குற்றச்சாட்டாகிறது.

புகார் போனதும் ஆட்சியர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார். விளக்கம் திருப்தியாக இருந்தால் நடவடிக்கை அத்தோடு முடியும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ கோப்பு தாசில்தாருக்குப் போகும். அவர் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார். குற்றச்சாட்டு சரியா தவறா என்று தாசில்தார் பேசக் கூடாது, வாக்களிக்கவும் முடியாது. அந்தக் கருத்தைப் பரிசீலித்து ஆட்சியர் தலைவரை நீக்கலாம், அல்லது கைவிடலாம். உறுப்பினர்கள் பெரும்பான்மையாகச் சொன்னார்கள் என்பதற்காக நீக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. நீக்கினால், அந்த அறிவிப்பை ரத்து செய்யும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. ஆனால் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்த கிராம மக்களிடம் கருத்துக் கேட்கும் கட்டம் இந்த நடைமுறையில் எங்கும் இல்லை.

இந்த அதிகாரமே கூடாது என்று சொல்லிவிட முடியாது. ஊராட்சிப் பணத்தைச் சுருட்டும் தலைவரை ஐந்து ஆண்டு யாரும் தொட முடியாது என்றால், முதலில் நஷ்டப்படுவது காலனிதான். ஆகவே புகார் வரும்போது ஆட்சியர் பார்க்க வேண்டியது, பணம் எங்கே போனது என்பதோடு, கையெழுத்தை மறுத்தது யார், தீர்மானத்தைத் தடுத்தது யார் என்பதையும்தான். தலைவரின் பாதுகாப்பும் காகிதத்தில்தான் இருக்கிறது. துணைத் தலைவர் மறுத்த ஒவ்வொரு முறையும் தேதியோடு ஆட்சியருக்கு எழுதி ஒப்புகை வாங்கி வைத்திருந்தால், நோட்டீஸ் வரும் நாளில் அதுவே பதில். கெடு முடிவதற்குள் பதில் தர வேண்டும். மௌனமாக இருந்தால் கோப்பு தாசில்தாரிடம் போய்விடும்.

மன்றம் முழுவதையும் கலைப்பது இன்னொரு அதிகாரம். அதற்கு அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு எல்லை போடுகிறது: கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் கலைக்காமலே மன்றம் இல்லாமல் போவதை நம் ஊர்களே பார்த்திருக்கின்றன. 2016 அக்டோபர் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நடத்தினார்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோதும் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்களே வந்தார்கள்.

தனி அலுவலர் காலத்தில் இடஒதுக்கீடு காகிதத்தில் மட்டுமே இருக்கும். பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நாட்டார்மங்கலமும் பத்து ஆண்டுகள் அனுபவித்தது அதைத்தான்.