ஆறு மீட்டர் வழி

அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டிலிருந்து கட்டடத்தை ஒட்டிச் செல்லும் பாதை, வரைபடத்தில் தீயணைப்பு வண்டியையும் கருதியே விடப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு உயரமான கட்டடங்களுக்கு இந்தப் பாதையின் அகலத்தை 6 மீட்டர் என்கிறது. தளம் 45 டன் வரை எடையுள்ள வண்டியைத் தாங்க வேண்டும், கேட் மதிலோடு ஒட்டி மடங்க வேண்டும் என்றும் சொல்கிறது. மாநில விதிகள் ஏற்கும்போதுதான் இந்தத் தொகுப்பு கட்டுப்படுத்தும். எடுத்துக்காட்டாக, கேரளத்தின் நெய்யாற்றின்கரைக்கு அம்மாநில நகராட்சிக் கட்டட விதிகள், பாறசாலைக்கு ஊராட்சிக் கட்டட விதிகள். எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குள் நுழைந்தால் தமிழ்நாட்டின் விதிகள். அதனால் ஒரு குடியிருப்பில் எந்த இடம் காலியாகக் கிடக்க வேண்டும் என்று பார்க்க, அங்கீகாரம் பெற்ற அதன் வரைபடத்தைத்தான் விரிக்க வேண்டும்.

6 மீட்டர் தாராளமாகத் தோன்றும். ஒரு காரின் அகலம் ஏறக்குறைய 1.8 மீட்டர். பாதையின் ஒரு ஓரத்தில் கார்கள் நின்றால் 4.2 மீட்டர் மிஞ்சும். தண்ணீர் வண்டி நுழைந்துவிடும். இரு ஓரமும் நின்றால் மிஞ்சுவது 2.4 மீட்டர். தீயணைப்பு வண்டியின் அகலமே சுமார் 2.5 மீட்டர். நேர்ப்பாதை காலியாக இருந்து, திருப்பத்தில் மட்டும் ஒரு கார் நின்றாலும் போதும்: நீளமான வண்டி வளைய அகன்ற இடம் தேவை, அந்த ஒரு கார் மொத்தப் பாதையையும் அடைத்துவிடும்.

ஏணி வண்டிக்கு நுழைந்தால் மட்டும் போதாது. ஏணியை உயர்த்துமுன் கவிழாமலிருக்க இரு பக்கமும் கால்களை நீட்டித் தரையில் ஊன்ற வேண்டும். 4.2 மீட்டரில் உருண்டு வந்த வண்டி அங்கே கால் விரிக்க முடியாமல் நிற்கும். கட்டடத்தின் மேல்தளக் குழாய்களுக்கு வெளியிலிருந்து தண்ணீர் ஏற்றும் பித்தளை வாய்கள் சுவரோரத்தில் இருக்கும். அவற்றை மறைத்து நிற்கும் ஒற்றை ஸ்கூட்டரும் ஹோஸ் மாட்டுவதைத் தடுக்கும். 4,500 லிட்டர் தொட்டியிலிருந்து நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் பீய்ச்சினால் பத்தே நிமிடத்தில் தொட்டி காலி. இரண்டாவது வண்டியும் உள்ளே வந்தாக வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

தீயணைப்பு வண்டிக்கு இடம் விடுவதைச் சட்டத்திலேயே எழுதிய நாடுகளில் ஒன்று தென்கொரியா. 2017 டிசம்பர் 21 அன்று ஜெச்சோன் நகரில் எட்டு மாடி உடற்பயிற்சிக் கூடமொன்றின் தரைத்தள வாகன நிறுத்தத்தில் தீப்பிடித்து 29 பேர் இறந்தார்கள். 20 பேர் இரண்டாம் தளத்துப் பெண்கள் குளியலறையில் இருந்தவர்கள். முறைகேடாக நிறுத்திய கார்களால் ஏணி வண்டி சுற்றிவர நேர்ந்தது. குளியலறையின் அவசர வழியை அலமாரிகள் அடைத்திருந்ததும் சாவுக்குக் காரணம். பழி முழுவதையும் கார்கள்மேல் போடுவது நியாயமாகாது. ஆனாலும் மறு ஆண்டு ஆகஸ்ட் 10 முதல், புதிதாகக் கட்டும், 100 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்புகளில் தீயணைப்பு வண்டிக்கென 6 மீட்டருக்கு 12 மீட்டர் இடத்தை மஞ்சள் கோடுகளால் குறிப்பது கட்டாயமானது. அங்கே வண்டி நிறுத்துவது, பொருள் அடுக்குவது, அதற்குப் போகும் வழியை மறிப்பது, கோடுகளை அழிப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் 10 லட்சம் வோன் வரை அபராதம். சட்டத்துக்கு முன்பே கட்டிய குடியிருப்புகள் இதில் வராதது அதன் பெரிய ஓட்டை.

இந்தியாவில் சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது. பல குடியிருப்புகளில் வழியை மறித்து நிற்கும் காருக்கு வெள்ளைக் கோடும் எண்ணும் போட்ட இடமே கொடுக்கப்பட்டிருக்கும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி திறந்தவெளி வாகன நிறுத்தம் எல்லாருக்கும் பொதுவான பகுதி. கட்டியவர் தனியாக விற்க அது அவருடைய சொத்தல்ல. திறந்தவெளியையும் தூண்களுக்கு நடுவிலுள்ள இடத்தையும் தனித்து விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல், மும்பை வழக்கொன்றில் சொல்லிவிட்டது. வரைபடத்தில் வழி என்றிருப்பதைக் குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டு நிறுத்துமிடமாக மாற்றவும் இயலாது. அப்படிப்பட்ட எண்களைச் சங்கம் அழிக்க வேண்டும், பணம் கொடுத்தவர் எத்தனை பேர் சண்டைக்கு வந்தாலும்.

விருந்தினர் வண்டி, சாமான் இறக்கும் லாரி, பூந்தொட்டி, கட்டுமான மணல் எல்லாவற்றுக்கும் வழியை மறிக்கக்கூடாது என்ற இதே விதிதான். தவறாக நின்ற காருக்குச் சக்கரப்பூட்டு போடுவது இந்தப் பாதையில் மட்டும் கூடாது. வழியை மறித்த வண்டியை அது அங்கேயே அறைந்துவிடுகிறது. காரை நியூட்ரலில் விட்டுப் போனால் தள்ளிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் இன்று பாதிதான் பலிக்கும். ஆட்டோமேட்டிக் கார்கள் பல பார்க்கிங் நிலையில் சக்கரம் பூட்டி நிற்கும்; வரிசையாகப் பத்துக் கார்கள் நின்றால் தள்ளிக் கொண்டுபோக இடமும் இருக்காது. பகலில் பாதை காலியாக இருப்பதைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. எல்லாரும் வீடு திரும்பிய இரவு பதினொரு மணிக்குக் கேட்டிலிருந்து பின்சுவர் வரை நாடா பிடித்து அளக்க வேண்டும்; நேர்ப்பாதையைவிடத் திருப்பங்களையே முதலில்.